‘தண்ணி பிரச்சனையே இல்லம்மா!’ - தூத்துக்குடியில் வாடகை வீடு தேடும்போது வாட்ஸ்அப்பில் என்ன கேட்க வேண்டும்?

“ஹாய், வீடு இருக்கா? டீடெய்ல்ஸ் ப்ளீஸ்.”

வாடகை வீட்டு விளம்பரத்தைப் பார்த்ததும் பலரும் அனுப்பும் முதல் மெசேஜ் இதுதான். வீட்டுக்காரரிடமிருந்து வரும் பதிலும் பெரும்பாலும் ஒன்றுதான்: “இருக்கு. நேர்ல வாங்க, பேசிக்கலாம்.”

தென்காசியில் வசிக்கும் ஓர் இளம் தம்பதியை எடுத்துக்கொள்வோம். கணவருக்குத் தூத்துக்குடியில் ஒரு கப்பல் ஏஜென்சி அலுவலகத்தில் வேலை கிடைத்திருக்கிறது. மனைவி, குழந்தை, அம்மா என நான்கு பேர் குடிபெயர வேண்டும். இப்படி ஒரு பதிலை நம்பி பஸ் ஏறிப் போனார்கள். வீடு நன்றாக இருந்தது. சமையலறைக் குழாயைத் திறந்து கொஞ்சம் தண்ணீரை வாயில் விட்டுப் பார்த்த அம்மா, அதை அப்படியே துப்பிவிட்டார். உப்பு! ஒரு நாள் லீவும், பஸ் காசும், குழந்தையைத் தூக்கிக்கொண்டு அலைந்ததும்தான் மிச்சம்.

இவர்கள் கற்பனைக் குடும்பம்தான். ஆனால், வேலைக்காகத் தூத்துக்குடிக்கு வரும் எந்தக் குடும்பத்துக்கும் இது நடக்கலாம். பத்து வரி மெசேஜ் ஒன்று அந்த அலைச்சலை மிச்சப்படுத்தியிருக்கும். வாடகை, அட்வான்ஸ், தண்ணீர், பார்க்க வரும் நேரம் என்று நான்கே விஷயங்கள். அவற்றை எப்படிக் கேட்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

இந்த ஊரில் தண்ணீர் இரண்டு வகை

தென்காசிப் பக்கம் ‘வீட்டில் போர் இருக்கு’ என்றால் பலருக்கும் அது நிம்மதியான செய்தி. தூத்துக்குடியில் அதே வார்த்தைக்கு அர்த்தம் வேறு. கடலோரத்தில் மண்ணுக்கடியில் மழைநீர் மெல்லிய அடுக்காகத்தான் தங்கும். அதற்குக் கீழே இருப்பது உப்புநீர். மோட்டார் போட்டு உறிஞ்ச உறிஞ்ச, நல்ல நீர் குறைந்து உப்புநீர் மேலே ஏறி வரும். அதனால் ஊரின் பல இடங்களில் போர் தண்ணீர் குளிக்க, துவைக்க மட்டுமே. சமையலுக்கு உதவாது.

குடிக்கவும் சமைக்கவும் ‘நல்ல தண்ணி’ வேண்டும். அது மாநகராட்சிக் குழாயில், தாமிரபரணியிலிருந்து வல்லநாடு வழியாக வருவது. ராவ் பகதூர் குரூஸ் பர்னாந்து நகராட்சித் தலைவராக இருந்த காலத்தில், 1920-களின் கடைசியில் இந்தத் தண்ணீர் ஊருக்குள் வந்தது. அவரை இன்றும் இந்த ஊர் நன்றியோடு நினைப்பதற்கு அந்தக் குழாய்தான் காரணம்.

ஆற்று நீர் வந்தாலும் அது எல்லாத் தெருவுக்கும் எல்லா நேரமும் வருவதில்லை. தெருவுக்குத் தெரு முறை மாறும். ஆகவே, “தண்ணீர் வசதி உண்டா?” என்று கேட்டால், உப்புத் தண்ணீரை மனதில் வைத்துக்கொண்டு “உண்டு” என்று வீட்டுக்காரர் சொல்லலாம். அது பொய்யும் இல்லை. கேள்விதான் சரியில்லை.

அந்த ஒரு மெசேஜ்

இரண்டாவது தடவை நம் தம்பதி உஷாரானார்கள். மில்லர்புரம் பக்கம் ஒரு மாடி வீட்டு விளம்பரம் கண்ணில் பட்டது. ‘2 பெட்ரூம், தண்ணீர் வசதி உண்டு’ என்பதற்கு மேல் அதில் விவரம் இல்லை. மனைவி இப்படி டைப் செய்தார்:

“வணக்கம் அண்ணாச்சி. மில்லர்புரம் மாடி வீட்டு விளம்பரம் பார்த்தேன். நாங்க மூணு பெரியவங்க, ஒரு குழந்தை. அவருக்குத் துறைமுகம் பக்கம் வேலை. ஜூன் முதல் வாரம் குடிவரணும்.

1. வாடகை எவ்வளவு? கரண்டுக்குத் தனி மீட்டர் இருக்கா?

2. அட்வான்ஸ் எவ்வளவு? காலி பண்ணும்போது அதுல எதெல்லாம் பிடிப்பீங்க?

3. நல்ல தண்ணி எத்தனை நாளைக்கு ஒருக்க வருது? மாடிக்கு ஏறுமா, கீழே பிடிக்கணுமா? போர் தண்ணி உப்பா?

4. அடுத்து நல்ல தண்ணி வர்ற நாள் காலையில வீடு பார்க்க வரலாமா? தோதுப்படலைன்னா ஞாயிறு சாயங்காலம் 4 மணி சரியா இருக்குமா?

நன்றி அண்ணாச்சி.”

முதல் பத்தியைக் கவனியுங்கள். யார், எத்தனை பேர், எங்கே வேலை, எப்போது வருவார்கள் என எல்லாம் வந்துவிட்டன. வீட்டுக்காரர் போனில் முதலில் கேட்கப்போவது இவற்றைத்தான். கேட்பதற்கு முன்பே சொல்லிவிட்டால், அவருக்கும் பதில் எழுதத் தோன்றும். கேள்விகளுக்கு எண் போட்டதும் அதற்காகத்தான். நான்கு கேள்வியில் மூன்றுக்கு மட்டும் பதில் வந்தால், விடுபட்டது எது என்று இரு பக்கமும் பளிச்சென்று தெரியும்.

இன்னொன்று, எந்தக் கேள்வியும் ‘வசதி இருக்கா’, ‘பரவாயில்லையா’ என்று முடியவில்லை. எவ்வளவு, எத்தனை நாள், எங்கே என்று கேட்டால் பதிலில் ஓர் எண்ணோ இடமோ வந்தாக வேண்டும்.

விளம்பரத்தில் ‘ஒத்தி’ என்று போட்டிருந்தால் கணக்கே வேறு. ஒரு பெரிய தொகையை மொத்தமாகக் கொடுத்துவிட்டு, மாத வாடகை இல்லாமல் குடியிருந்து, காலி செய்யும்போது அந்தத் தொகையைத் திரும்ப வாங்கும் முறை அது. மாத வாடகைக்கு வீடு தேடுபவர்கள் அந்தச் சொல்லைப் பார்த்தால் முதலிலேயே தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும்.

வந்த பதிலில் ஒளிந்திருந்தது

அரை மணி நேரத்தில் பதில் வந்தது.

“வாடகை 8,500. தனி மீட்டர்தான். அட்வான்ஸ் 50. தண்ணி பிரச்சனையே இல்லம்மா, 24 மணி நேரமும் வரும். ஞாயித்துக்கிழம வாங்க.”

நல்ல பதில்போலத்தான் தெரிகிறது. ஆனால், மூன்றாவது கேள்விக்கு இதில் விடை இல்லை. மாநகராட்சி நீர் முறை வைத்து வரும் தெருவில், 24 மணி நேரமும் குழாயில் வருவது பெரும்பாலும் போர் தண்ணீராகத்தான் இருக்கும். ‘பிரச்சனையே இல்லை’ என்ற பதில் வந்தால், அதே கேள்வியை ஒரே வரியில் சுருக்கித் திரும்பக் கேட்க வேண்டும். சண்டை பிடிக்கும் தொனி வேண்டாம்.

“சரி அண்ணாச்சி. 24 மணி நேரமும் வர்றது நல்ல தண்ணியா, போர் தண்ணியா?”

“அது போர்தாம்மா. குளிக்கத் துவைக்க. நல்ல தண்ணி நாலு நாளைக்கு ஒருக்க கீழ சம்ப்ல விழும். கீழ் வீடு, மாடி ரெண்டுக்கும் சேர்த்து. கீழ வந்துதான் பிடிக்கணும். அடுத்து புதன் காலைல வரும்.”

இப்போது எல்லாமே வெளியே வந்துவிட்டது. அவர் எதையும் மறைக்கவில்லை. கேட்டதும் சொல்லிவிட்டார்.

வாடகைக்குள் இருக்கும் இன்னொரு வாடகை

நான்கு நாளைக்கு ஒருமுறை தண்ணீர் என்றால் சமாளிக்க முடியுமா? பயப்படுவதற்கு முன் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

குடிக்க, சமைக்க, அரிசி காய்கறி கழுவ, ஆளுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 10 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். நான்கு பேருக்கு 40 லிட்டர். நான்கு நாளைக்கு 160 லிட்டர். 15 லிட்டர் குடத்தில் 11 குடம். வீட்டில் மூடியுள்ள 200 லிட்டர் டிரம் ஒன்று இருந்தால் போதும். மீதி எல்லாவற்றுக்கும் போர் தண்ணீர்.

ஆக, நான்கு நாள் இடைவெளி இந்தக் குடும்பத்துக்குப் பெரிய இடைஞ்சல் இல்லை. 11 குடத்தையும் மாடிக்கு யார் தூக்குவது என்பதுதான் கேள்வி. கணவர் ஷிஃப்ட்டில் இருப்பார், மனைவி கையில் குழந்தை, அம்மாவுக்கு முட்டி வலி. ‘மாடிக்கு ஏறுமா?’ என்று மெசேஜில் கேட்டது இதற்குத்தான்.

நல்ல தண்ணீரே வராத வீடாக இருந்தால்? நாளுக்கு 40 லிட்டர் என்பது இரண்டு கேன். ஒரு கேன் 40 ரூபாய் என்று வைத்தாலும் நாளுக்கு 80 ரூபாய், மாதம் 2,400 ரூபாய். 8,500 ரூபாய் வாடகை என்று குடிபோன வீட்டுக்கு உண்மையில் 10,900 ரூபாய் கொடுக்க வேண்டியிருக்கும். அடுத்த தெருவில் நல்ல தண்ணீரோடு 9,500 ரூபாய்க்கு இருக்கும் வீடு ‘விலை அதிகம்’ என்று தோன்றும். ஆனால், அதுதான் மலிவு. கேன் விலை உங்கள் தெருவில் எவ்வளவோ, அதைப் போட்டு இதே கணக்கைச் செய்யலாம். தண்ணீர்க் கேள்விக்குப் பதில் வராமல், வாடகை எவ்வளவு என்பது முழுதாகத் தெரியாது.

அட்வான்ஸ்: சட்டம் சொல்வது என்ன?

‘அட்வான்ஸ் 50’ என்றால் 50,000 ரூபாய். 8,500 ரூபாய் வாடகைக்கு அது ஏறக்குறைய ஆறு மாத வாடகை.

தமிழ்நாட்டில் வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகளுக்கான 2017-ம் ஆண்டுச் சட்டம், 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது. இந்த வீட்டுக்கு அது 25,500 ரூபாய். ஆனால், சட்டத்தில் ஒரு வாசல் திறந்தே இருக்கிறது. இரு தரப்பும் வேறு விதமாக ஒப்பந்தம் செய்துகொண்டால் அந்த வரம்பு பொருந்தாது. 50,000 ரூபாய் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, பிறகு சட்டத்தைக் காட்டுவது கடினம். பேச வேண்டியது கையெழுத்துக்கு முன்புதான்.

காலி செய்த பிறகு, வாடகைதாரர் தர வேண்டியதைக் கழித்துக்கொண்டு ஒரு மாதத்துக்குள் அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. ‘தர வேண்டியது’ என்ற இடத்தில்தான் தகராறு வரும். பெயின்ட் அடிக்க ஒரு மாத வாடகை, குழாய் மாற்ற இவ்வளவு என்று கடைசி நாளில் பிடித்தம் முளைக்கும். கடலோர ஊரில் உப்புக் காற்றும் உப்புத் தண்ணீரும் சேர்ந்து குழாய், ஜன்னல் கம்பி, ஹீட்டர் எல்லாவற்றையும் சீக்கிரம் அரித்துவிடும். அது குடியிருந்தவர் செய்த சேதமா, ஊரின் இயல்பா? ‘எதெல்லாம் பிடிப்பீங்க?’ என்று முதல் மெசேஜிலேயே கேட்டது இதனால்தான். பதில் எழுத்தில் இருந்தால், ஒப்பந்தத்தில் அதை ஒரு வரியாகச் சேர்ப்பது சுலபம்.

நம் தம்பதியின் மெசேஜுக்கு வந்த பதிலில் இந்தக் கேள்வி விடுபட்டிருந்தது. அதை நேரில் கேட்பதற்காகக் குறித்து வைத்துக்கொண்டார்கள்.

புதன்கிழமை காலை

ஞாயிற்றுக்கிழமை போயிருந்தால் லீவு போட வேண்டியதில்லை. ஆனால், அவர்கள் புதன்கிழமை போனார்கள். நல்ல தண்ணீர் வரும் நாளில் போனால்தான், வீட்டுக்காரர் சொன்னதைக் கண்ணால் பார்க்க முடியும்.

பார்க்க வேண்டியவை அதிகம் இல்லை. முதலில் சம்ப். மூடியைத் திறந்து எவ்வளவு ஆழம், எவ்வளவு நேரத்தில் நிரம்புகிறது, உள்ளே சுத்தமாக இருக்கிறதா என்று பார்த்தார்கள். தண்ணீர் பிடிக்க வந்த கீழ் வீட்டு அக்காவிடம், “மே மாசத்துலயும் இப்படியே வருமாக்கா?” என்று கேட்டார் மனைவி. “மே மாசம் ஒரு நாள் ரெண்டு நாள் முன்னப்பின்ன ஆகும்” என்று பதில் வந்தது. வீட்டுக்காரரிடம் கேட்காத கேள்விக்கு அங்கே விடை கிடைத்தது.

அடுத்தது போர் தண்ணீர். குழாய் முனையிலும் பக்கெட்டிலும் வெள்ளையாகப் படிவு இருக்கிறதா, சோப்பு நுரைக்கிறதா என்று பார்த்தாலே ஓரளவு தெரிந்துவிடும். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டி.டி.எஸ் மீட்டர் கையில் இருந்தால் எண்ணாகவே பார்க்கலாம். குடிநீருக்கான இந்தியத் தரக் குறியீட்டில், லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு வழியே இல்லாத இடத்தில் 2,000 வரை அனுமதி. அதற்கும் மேல் காட்டினால் அது குடிக்கும் தண்ணீர் அல்ல. காய்ச்சினாலும் உப்பு போகாது. இதில் பருவமும் ஏமாற்றும். மழை முடிந்த டிசம்பரில் ருசியாக இருக்கும் போர் தண்ணீர், கோடையில் உப்பேறிவிடலாம். மழைக்காலத்தில் வீடு பார்ப்பவர்கள், நாக்கை நம்புவதைவிடப் பக்கத்து வீட்டாரைக் கேட்பது நல்லது.

மூன்றாவது, மழைத் தண்ணீர். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளை இந்த மாவட்டம் மறக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. தூத்துக்குடி நகரில் பல குடியிருப்புகள் நாள் கணக்கில் தண்ணீரில் நின்றன. மாடி வீடென்றாலும் சம்ப் கீழேதானே இருக்கிறது? வெள்ளம் ஏறினால் நல்ல தண்ணீரும் கெட்டுவிடும், பைக்கும் மூழ்கும். காம்பவுண்டு சுவரில் பழைய நீர்க்கோடு தெரிகிறதா என்று பார்த்துவிட்டு, “அந்த வெள்ளத்துல இங்க எவ்வளவு நின்னுச்சு அண்ணாச்சி?” என்று கேட்டார் கணவர். முட்டிக்குக் கீழே கையைக் காட்டினார் அவர். சம்ப்பின் வாய் அதைவிட ஒரு முழம் உயரமாகக் கட்டப்பட்டிருந்தது.

பார்க்கும் முன் பணம் வேண்டாம்

எல்லா விளம்பரத்துக்கும் பின்னால் ஓர் அண்ணாச்சி இருப்பார் என்று சொல்ல முடியாது. வேறொருவர் வீட்டின் போட்டோவைப் போட்டு, “நான் வெளியூர்ல இருக்கேன், நிறைய பேர் கேக்குறாங்க, டோக்கன் அட்வான்ஸ் போட்டா உங்களுக்கு நிறுத்தி வைக்கிறேன்” என்பவர்களும் உண்டு. ராணுவத்தில் இருப்பதாகச் சொல்லி அடையாள அட்டை போட்டோ அனுப்புவது இவர்களின் பழைய தந்திரம்.

இங்கும் அந்தக் கேள்விகளே உதவும். நல்ல தண்ணீர் என்று வரும், எங்கே பிடிக்க வேண்டும் என்று அந்த வீட்டில் புழங்கியவருக்குத்தான் தெரியும். மோசடிக்காரர் அந்தக் கேள்வியைத் தாண்டிப் பணத்துக்குப் போய்விடுவார். வீடு பார்க்கும் நாளைக் கேட்டால் தள்ளிப்போடுவார். அவர் அனுப்பும் க்யூ.ஆர் கோடை ஸ்கேன் செய்யக் கூடாது. யு.பி.ஐ-யில் பணம் வாங்குவதற்கு பின் நம்பர் தேவையே இல்லை. பின் கேட்டால், பணம் போகப்போகிறது என்று அர்த்தம். ஏமாந்துவிட்டால் உடனே 1930 என்ற எண்ணுக்கு அழைக்க வேண்டும்.

பேசி முடித்தது

புதன்கிழமை மதியத்துக்குள் பேச்சு முடிந்தது. வாடகை 8,500 ரூபாயில் மாற்றம் இல்லை. சட்டத்தைச் சொல்லிச் சண்டை போடாமல், “மூணு மாசம் தர்றோம் அண்ணாச்சி. சம்ப்ல இருந்து மாடிக்கு ஒரு சின்ன மோட்டார், 200 லிட்டர் தொட்டி வச்சுத் தாங்க. கூட 4,500 சேர்த்து 30,000 அட்வான்ஸா வச்சுக்குங்க” என்றார் மனைவி. வீட்டுக்காரர் கொஞ்ச நேரம் யோசித்தார். அடுத்து வருபவர்களுக்கும் மாடிக்குத் தண்ணீர் ஏறும், வீட்டுக்கும் மதிப்புக் கூடும். சரி என்றார்.

ஒப்பந்தத்தில் மூன்று வரிகள் கூடுதலாகச் சேர்ந்தன. சம்ப்பில் விழும் நல்ல தண்ணீர் இரண்டு வீட்டுக்கும் பொது. மோட்டார் பழுதானால் செலவு வீட்டுக்காரருடையது. உப்பால் அரித்த குழாய்க்கு அட்வான்ஸில் பிடித்தம் கிடையாது. அந்த ஒப்பந்தத்தை tenancy.tn.gov.in தளத்தின் வழியாக வாடகை அதிகாரியிடம் பதிவும் செய்ய வேண்டும். பின்னால் ஏதாவது தகராறு வந்தாலும், தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்தி வாடகைதாரரை நெருக்க இந்தச் சட்டத்தில் இடம் இல்லை.

எல்லாம் முடிந்து கிளம்பும்போது அம்மா மட்டும் சம்ப் அருகே நின்றார். ஒரு கை அள்ளி வாயில் விட்டுப் பார்த்தார். இந்த முறை துப்பவில்லை.

“நம்ம ஊரு தண்ணி மாதிரி இல்ல. ஆனா, காபி போடலாம்” என்றார்.